சாய்ஸில் விட வேண்டிய 13 கணக்குகள்

தமிழ்நாட்டு பிளஸ் டூ கணிதத் தாளில் மொத்தம் 54 கணக்குகள் அச்சாகி வரும். எழுத வேண்டியது 41. மீதி 13 கணக்குகளை விட்டுவிட வேண்டும். எந்த 41-ஐ எழுதுவது என்று சொல்லித்தர பள்ளி, டியூஷன், கைடு எல்லாம் இருக்கின்றன. எந்த 13-ஐ விடுவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. "தெரியாததை சாய்ஸில் விட்டுடு" என்ற ஒரே வாக்கியத்தோடு முடித்துக் கொள்கிறார்கள். அந்த வாக்கியம் இந்தத் தாளில் முழுதாகச் செல்லுபடியாகாது. ஏன் என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் தாளின் அமைப்பு. தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். எழுத்துத் தேர்வுக்கு 90 மதிப்பெண், அகமதிப்பீடு 10. பகுதி I-இல் 20 ஒன் மார்க், எல்லாமே எழுத வேண்டும், சாய்ஸ் கிடையாது. பகுதி II-இல் 21 முதல் 30 வரை பத்து டூ மார்க், ஏழு எழுத வேண்டும், அதில் 30-ஆவது கட்டாயம். பகுதி III-இல் 31 முதல் 40 வரை பத்து த்ரீ மார்க், இங்கேயும் ஏழு, 40-ஆவது கட்டாயம். பகுதி IV-இல் 41 முதல் 47 வரை ஏழு ஃபைவ் மார்க். ஒவ்வொன்றும் "(அ) அல்லது (ஆ)" என்று ஜோடியாக வரும். ஆக, விடுபடுவது 3 + 3 + 7 = 13. நேரம் மூன்று மணி. அதற்கு முன்னால் வினாத்தாளைப் படிக்கப் பத்து நிமிடம், விடைத்தாளில் விவரங்களைச் சரிபார்க்க ஐந்து நிமிடம்.

இந்தத் தாளில் ஒரு ஃபைவ் மார்க் போனால் என்ன ஆகும்? பொறியியல் கலந்தாய்வுக் கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. அதில் இயற்பியலும் வேதியியலும் பாதியாகக் குறைந்து 50, 50 என்று சேரும். கணிதம் மட்டும் 100-ம் அப்படியே சேரும். அதாவது இயற்பியலில் ஒரு ஃபைவ் மார்க் போனால் கட்-ஆஃப் இரண்டரை குறையும், கணிதத்தில் போனால் முழு ஐந்தும் குறையும். கட்-ஆஃபில் ஐந்து என்பது ஒரு கல்லூரிக்கும் இன்னொரு கல்லூரிக்கும் இடையே உள்ள தூரம். ஆகவே 41 முதல் 47 வரை உள்ள அந்த ஏழு "அல்லது"க்களைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

பழைய தாளில் இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. 2018 மார்ச் வரை பிளஸ் டூ கணிதம் 200 மதிப்பெண்ணுக்கு நடந்தது. பத்து மார்க் பகுதியில் பதினைந்து கேள்வி எண்கள் இருக்கும், பத்து எழுதினால் போதும். கடைசிக் கேள்வி மட்டும் கட்டாயம், அதற்குள் ஒரு "அல்லது". மற்ற பதினான்கில் எந்த ஒன்பதை எழுதினாலும் சரி. ஐந்து தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அந்த ஐந்தும் எங்கே இருக்கிறது என்பது பொருட்டே இல்லை. அண்ணன், அக்காக்கள் "அந்த ரெண்டு சாப்டரை விட்டுடு, சாய்ஸில் போயிடும்" என்று அறிவுரை சொல்வது அந்தத் தாளை எழுதிய அனுபவத்தில். அவர்களுக்கு அது உண்மைதான்.

இப்போதைய பகுதி IV-லும் பதினான்கு கணக்குகள் அச்சாகின்றன, ஏழு எழுத வேண்டும். பார்த்தால் பாதிக்குப் பாதி சாய்ஸ், பழையதைவிடத் தாராளம் என்று தோன்றும். ஆனால் 41-இல் இரண்டும் தெரிந்திருந்தால், அந்த உபரியை 44-க்குக் கொண்டுபோக முடியாது. ஒரு ஜோடியின் சாய்ஸ் அந்த ஜோடிக்குள்ளேயே செத்துப்போகிறது.

இதை எண்ணிக்கையில் வைத்துப் பார்த்தால் கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கும். ஒரு மாணவருக்குப் பதினான்கில் பத்து கணக்குகள் தெரியும், நான்கு தெரியாது என்று வைத்துக்கொள்ளலாம். "ஏதேனும் ஏழு" என்றால் அவர் ஆனந்தமாக எழுதிவிட்டு, மூன்றை உபரியாக விட்டுவிட்டு வரலாம். ஆனால் ஜோடிகளில்? தெரியாத நான்கும் பதினான்கு இடங்களில் எங்கே வேண்டுமானாலும் வரலாம். அதற்கு 1001 வழிகள். நான்கும் நான்கு வெவ்வேறு ஜோடிகளில் விழுந்தால்தான் அவர் தப்பிப்பார். அப்படி விழுவதற்கு, ஏழு ஜோடிகளில் நான்கைத் தேர்ந்தெடுக்க 35 வழிகள், ஒவ்வொரு ஜோடியிலும் (அ)வா (ஆ)வா என்று 16 வழிகள், மொத்தம் 560. மீதி 441 வழிகளில் ஏதோ ஒரு ஜோடியிலாவது இரண்டுமே தெரியாத கணக்காக அமைந்துவிடும். அதாவது சுமார் 44 சதவீதம். பத்து கணக்குகள் தெரிந்தும், ஏழு எழுத முடியாமல் போக கிட்டத்தட்ட நூற்றுக்கு நாற்பத்துநான்கு வாய்ப்பு!

(கேள்வி எடுப்பவர் குலுக்கல் போட்டு ஜோடி சேர்ப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் மாணவருக்கு அவர் மனம் தெரியாது என்பதால், குலுக்கல் என்று எடுத்துக்கொள்வதைவிட நல்ல வழி இல்லை.)

இதே கணக்கைத் தெரியாதது மூன்று என்று வைத்துப் போட்டால் 364 வழிகளில் 280 தப்பிக்கும். ஆபத்து 23 சதவீதம். தெரியாதது இரண்டு என்றால் 13-இல் ஒரு வாய்ப்பு, எட்டு சதவீதத்துக்கும் குறைவு. ஆக, நான்கை மூன்றாக்கினால் ஆபத்து கிட்டத்தட்டப் பாதியாகிறது. தேர்வுக்கு முந்தைய வாரத்தில் பலரும் செய்வது நேர்மாறு. ஏற்கெனவே நன்றாக வரும் அணிகள் பாடத்தையே நான்காவது முறை போட்டுப் பார்ப்பார்கள், மனதுக்குத் தெம்பாக இருக்கும். விட்டுவைத்த பாடங்களில் ஒன்றை எடுத்து, அதில் வழக்கமாக வரும் ஒரே ஒரு வகை ஃபைவ் மார்க்கைக் கற்றுக்கொள்வது அதைவிடப் பலன் தரும். புதிய பாடநூலின் 12 பாடங்களில் கடைசிப் பாடமான தனிநிலைக் கணிதம் இதற்கு வசதியானது. அதற்கு முந்தைய பாடம் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

டூ மார்க், த்ரீ மார்க் பகுதிகள் இவ்வளவு கொடுமை இல்லை. அங்கே கட்டாயக் கேள்வியைக் கழித்தால், ஒன்பதில் ஏதேனும் ஆறு. மூன்று தெரியாவிட்டாலும் எங்கே இருந்தாலும் சரி. அங்கே ஆபத்து 30-லும் 40-லும் இருக்கிறது. கட்டாயக் கேள்விக்குச் சாய்ஸே கிடையாது. பெரும்பாலும் அது பாடநூல் பயிற்சியில் அப்படியே இருக்கும் கணக்காகவும் இருக்காது, கொஞ்சம் திருகி வந்திருக்கும். அந்த ஐந்து மதிப்பெண்ணுக்குச் சாய்ஸ் உதவாது என்பதைத் தாளைக் கையில் வாங்கும் முன்பே ஏற்றுக்கொள்வது நல்லது.

சரி, அந்தப் பத்து நிமிடத்தில் என்ன செய்வது? பெரும்பாலான மாணவர்கள் முதல் ஒன் மார்க்கிலிருந்து படிக்க ஆரம்பிப்பார்கள். மூன்றாவது ஒன் மார்க்கிலேயே மனதுக்குள் கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்கள். மணி அடிக்கும்போது பன்னிரண்டாவது ஒன் மார்க்கில் இருப்பார்கள். அந்தப் பத்து நிமிடம் வீண். ஒன் மார்க்கில் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை, எல்லாவற்றையும் எழுதத்தான் வேண்டும். எழுதும்போது படித்தால் போதும். தேர்ந்தெடுக்க வேண்டிய இடம் தாளின் கடைசிப் பக்கங்களில் இருக்கிறது. ஆகவே தாளைப் பின்னாலிருந்து திறக்க வேண்டும். முதலில் 41 முதல் 47 வரை, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு முடிவு. அதற்கு ஆறு, ஏழு நிமிடம். பிறகு 40-ஐயும் 30-ஐயும் ஒருமுறை படித்து மனதில் போட்டுக்கொள்வது. வேறு கணக்கு எழுதும்போது அவை பின்னால் ஊறிக்கொண்டிருக்கும். நேரம் மிச்சமிருந்தால் டூ மார்க், த்ரீ மார்க்கில் விட வேண்டிய மூன்று மூன்றைக் கண்ணால் ஒதுக்கலாம். பல தேர்வறைகளில் வினாத்தாளில் பதிவெண் தவிர எதையும் எழுதக் கூடாது என்று சொல்லிவிடுவார்கள். அதனால் முடிவை மனதில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். 41 அ, 42 ஆ, 43 ஆ என்று "அ ஆ ஆ அ..." ராகமாகச் சொல்லி நினைவில் வைப்பவர்கள் உண்டு. சிரிப்பாக இருந்தாலும் வேலை செய்கிறது :-)

ஜோடியில் எதை எடுப்பது என்பதற்கு, "எது நன்றாகத் தெரியுமோ அது" என்ற பதில் பாதி பதில்தான். இரண்டுமே சுமாராகத் தெரியும்போதுதானே பிரச்சினை வருகிறது. ஒரு ஜோடியை எடுத்துப் பார்க்கலாம்.

(அ) நியூட்டனின் குளிர்ச்சி விதிக் கணக்கு. அறை வெப்பநிலை 30 டிகிரி. ஒரு பொருள் 90 டிகிரியிலிருந்து 10 நிமிடத்தில் 70 டிகிரிக்கு வருகிறது. 20 நிமிடம் கழித்து என்ன வெப்பநிலை, எவ்வளவு நேரத்தில் 40 டிகிரிக்கு வரும்? (ஆ) மெய்மை அட்டவணை மூலம் p→(q→r) ≡ (p∧q)→r என நிறுவுக.

முதலாவதில் வகைக்கெழுச் சமன்பாட்டை எழுதி, தொகையிட்டு, மாறிலியைக் கண்டுபிடிக்க வேண்டும். அறையைவிட எவ்வளவு சூடு என்று பார்த்தால் தொடக்கத்தில் 60, பத்து நிமிடத்தில் 40. ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் மூன்றில் இரண்டு பங்காகிறது. ஆகவே 20-ஆவது நிமிடத்தில் 26.67, அதோடு 30 சேர்த்தால் 56.67 டிகிரி. இது வரைக்கும் இனிமையாகப் போகும். "எவ்வளவு நேரத்தில் 40 டிகிரி" என்ற இரண்டாம் பாதியில் மடக்கை வந்துவிடும். தாளில் கொடுத்திருக்கும் மடக்கை மதிப்புகளை வைத்து வகுக்க வேண்டும். அங்கே ஒரு குறி தப்பினால், விடை தப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தப்பான விடையும் சரியான விடை போலவேதான் இருக்கும்.

இரண்டாவதில் எட்டு வரிசை, ஏழு பத்தி. யோசிக்க ஒன்றுமில்லை, நிரப்ப வேண்டியதுதான். p→(q→r) என்ற பத்தியும் (p∧q)→r என்ற பத்தியும் வரிக்கு வரி ஒன்றாக வர வேண்டும். p, q இரண்டும் T, r மட்டும் F என்ற ஒரே வரிசையில் இரண்டு பத்தியிலும் F வரும், மற்ற ஏழு வரிசையிலும் T. எங்காவது ஒரு வரிசையில் இரண்டும் மாறுபட்டால், தப்பு அந்த வரிசையில்தான் இருக்கிறது என்று அட்டவணையே விரல் நீட்டிக் காட்டிவிடும். ஆறு நிமிட வேலை.

இரண்டும் சமமாகத் தெரிந்தவருக்கு (ஆ)தான் சரி. காரணம், தப்பு நேர்ந்தால் அது தானாகவே காட்டிக்கொடுக்கும் கணக்கு. "காண்க" என்று வரும் கணக்கைவிட "நிறுவுக" என்று வரும் கணக்கில் இந்த வசதி உண்டு, போய்ச் சேர வேண்டிய இடம் முன்னாலேயே எழுதியிருக்கிறது. (சேரவில்லை என்றால் கடைசி இரண்டு வரியில் மாயம் செய்து சேர்த்துவிடும் கலையும் உண்டு. திருத்துபவர் அந்தக் கலையை நூறு தாளில் பார்த்தவர்.)

இரண்டுமே பாதிதான் தெரியும் என்றால் அளவுகோல் மாறுகிறது. அப்போது முழு விடை வராது என்று ஏற்றுக்கொண்டு, ஸ்டெப் மார்க் எதில் சீக்கிரம் கிடைக்கும் என்று பார்க்க வேண்டும். உதாரணமாக, பரவளைய வடிவ வளைவின் அடி அகலம் 20 மீட்டர், நடு உயரம் 8 மீட்டர், மையத்திலிருந்து 5 மீட்டர் தள்ளி உயரம் என்ன என்ற கணக்கு. படம் போட்டு, உச்சியை ஆதியாக வைத்து, x² = −4ay என்று எழுதி, (10, −8) என்ற புள்ளியைப் பிரதியிடுவது வரை வந்தாலே பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. மீதிப் பாதியில் ஒரு பொறி இருக்கிறது. x = 5 என்று போட்டால் y = −2 வரும். "உயரம் 2 மீட்டர்" என்று எழுதிவிட்டுப் போனவர்கள் ஏராளம். அது உச்சியிலிருந்து கீழே இறங்கிய தூரம், தரையிலிருந்து உயரம் 8 − 2 = 6 மீட்டர். பொறியில் விழுந்தாலும் முன் படிகளுக்கு மதிப்பெண் உண்டு. ஆனால் முதல் படியிலேயே சூத்திரம் மறந்துபோகும் கணக்கில் ஒன்றுமே கிடைக்காது.

எடுத்த பிறகு மாறலாமா என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் அதிகம் பேர் அடிபடுகிறார்கள். அரையாண்டுத் தேர்வில் ஒரு மாணவிக்கு நடந்ததைப் பார்த்தால் புரியும். நன்றாகவே படிப்பவள். அந்தத் தாளில் ஏழு ஜோடிகளில் ஆறில் ஏதாவது ஒன்று அவளுக்குத் தெரியும். 45 மட்டும் இரண்டும் வராது. பள்ளியில் சொல்லித்தந்தபடி ஒன் மார்க்கில் ஆரம்பித்தாள். இருபதும் முடிக்க 42 நிமிடம் ஆனது. அதில் இரண்டே இரண்டு ஒன் மார்க் மட்டும் 11 நிமிடம் சாப்பிட்டன. டூ மார்க் 30 நிமிடம், த்ரீ மார்க் 48. இரண்டு மணி நேரம் போய்விட்டது, ஃபைவ் மார்க்குக்கு 60 நிமிடம். 41 (அ) எடுத்தாள். ஒன்பதாவது நிமிடத்தில் மாட்டிக்கொண்டாள். (ஆ)வுக்குத் தாவி, அதை முதலிலிருந்து எழுத இன்னொரு பத்து நிமிடம். ஒரு கேள்விக்கு 19 நிமிடம். பிறகு 42, 43, 44 தலா பத்து. 45-ஐத் தாண்டினாள். 46-க்குப் பத்து. 59 நிமிடம் முடிந்தது. 47-ஐப் புரட்டிப் பார்த்தால் மெய்மை அட்டவணை! ஆறு நிமிடத்தில் கண்ணை மூடிக்கொண்டு எழுதக்கூடிய கணக்கு, கையில் ஒரு நிமிடம்.

45 போனது தெரியாததால். அது நியாயம். 47 போனது வரிசையால். அந்த இரண்டு ஒன் மார்க்குக்குச் செலவான 11 நிமிடத்தில், அதாவது அதிகபட்சம் இரண்டு மதிப்பெண்ணுக்கான நேரத்தில், ஐந்து மதிப்பெண் தொலைந்தது. 41-இல் தாவியதற்கான விலையும் அதே அளவுதான். ஒன்பதாவது நிமிடத்தில் தாவினால் ஒன்பது நிமிடமும் நஷ்டம். மூன்று, நான்கு நிமிடத்துக்குள் வழி தெரியவில்லை என்றால் தாவுவது லாபம். பாதிக்கு மேல் எழுதிவிட்டால், ஒட்டாத இடத்தில் இடைவெளி விட்டுவிட்டு, எழுதிய ஸ்டெப்புக்குக் கிடைப்பது கிடைக்கட்டும் என்று அடுத்த கேள்விக்குப் போவதுதான் மேல். கடைசியில் நேரம் இருந்தால் திரும்பி வரலாம்.

அடுத்த திருப்புதல் தேர்வில் அவள் தலைகீழாக மாற்றிப் பார்த்தாள். எல்லா ஃபைவ் மார்க்கும் முதலில், ஒன் மார்க் கடைசியில். ஃபைவ் மார்க் நன்றாக வந்தது. ஆனால் இருபது ஒன் மார்க்கும் கடைசி 13 நிமிடத்தில் வந்து குவிந்தன. புதிய பாடத்திட்டத்தில் ஒன் மார்க் என்பது பார்த்ததும் எழுதுகிற சமாச்சாரம் இல்லை, பாதி கணக்குகளுக்கு ரஃப் வொர்க் வேண்டும். அவசரத்தில் குறியீட்டை மட்டும் எழுதிவிட்டு விடையை எழுதாமல் விட்டதும் இரண்டு இருந்தன. குறியீட்டோடு விடையையும் சேர்த்து எழுதச் சொல்லித் தாளிலேயே போட்டிருக்கும்.

ஆக, "எது முதலில்" என்ற பழைய பட்டிமன்றத்தில் இரண்டு அணிக்கும் தோல்வி. கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் விடை வருகிறது. நேரம் தீர்ந்துபோகும்போது கையில் எது மிச்சமிருந்தால் நஷ்டம் குறைவு? பாதியில் நிற்கும் ஃபைவ் மார்க்குக்கு இரண்டோ மூன்றோ கிடைக்கும். பார்க்காமலே விட்ட ஒன் மார்க்குக்கு ஒன்றும் கிடையாது, ஊகித்து எழுதினால் நான்கில் ஒன்று சரியாக வரும் என்பதுதான் எதிர்பார்ப்பு. தப்புக்கு மதிப்பெண் கழிப்பதில்லை என்பதால், ஒன் மார்க் ஒன்றைக்கூட வெறுமனே விட்டுவிட்டு எழுந்து வரக் கூடாது.

இதை வைத்து அந்த மாணவி கடைசியாக வந்து சேர்ந்த வரிசை இப்படி. படிக்கும் நேரத்தில் தேர்ந்தெடுத்த ஏழில் மிக உறுதியான மூன்று ஃபைவ் மார்க் முதலில், 30 நிமிடம். மெய்மை அட்டவணை மாதிரி இருந்தால் இன்னும் குறைவு. கை சூடேறிவிடும், பதினைந்து மதிப்பெண் பைக்குள் வந்துவிடும். அடுத்து ஒன் மார்க், 25 நிமிடம் கெடு. மாட்டிக்கொண்டால் அந்த எண்ணுக்கு ஒரு வரி காலியாக விட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும். பிறகு த்ரீ மார்க் ஏழும், தலா ஆறு நிமிடம், 42. டூ மார்க் ஏழும், தலா நான்கு, 28. கூட்டினால் 125 நிமிடம். மிச்சம் 55. மீதி நான்கு ஃபைவ் மார்க்குக்கு 40 போனால் 15 நிமிடம் கையில். இதில் கட்டாயக் கேள்விகளுக்கும், காலியாக விட்ட ஒன் மார்க்குகளுக்கும் திரும்பி வரலாம்.

இது எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஃபைவ் மார்க்கே பயமாக இருக்கும் ஒருவர், தேர்ச்சி பெற்றால் போதும் என்று எழுதுபவர், ஒன் மார்க்கிலும் டூ மார்க்கிலும் ஆரம்பிப்பதுதான் சரி. அவருக்கு உறுதியான மூன்று ஃபைவ் மார்க் என்பதே இருக்காது. 90-ஐக் குறிவைப்பவருக்கு 30-ம் 40-ம் தான் தலைவலி, அவர் அவற்றை இவ்வளவு பின்னால் தள்ளக் கூடாது.

நேரம் மிச்சமிருந்து, விட்ட கணக்குகளில் ஒன்றையும் சேர்த்து எழுதினால் என்ன ஆகும் என்று அடிக்கடி கேட்கிறார்கள். இது தேர்வுக்குத் தேர்வு மாறும். சிபிஎஸ்இ திருத்துபவர்களுக்குக் கொடுக்கும் அறிவுரையில், கூடுதலாக எழுதிய கேள்வி இருந்தால் அதிக மதிப்பெண் பெறும் விடையை வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடச் சொல்லியிருக்கிறது. மாணவருக்குச் சாதகமான விதி. குடிமைப்பணி முதன்மைத் தேர்வின் விருப்பப் பாடத் தாளில் நேர்மாறு. அங்கே எட்டுக் கேள்வியில் ஐந்து எழுத வேண்டும், 1-ம் 5-ம் கட்டாயம், மீதி மூன்றில் ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒன்றாவது வர வேண்டும். எழுதியவற்றை வரிசைப்படி எண்ணுவார்கள், அடிக்காமல் விட்ட விடை பாதியில் நின்றிருந்தாலும் அதுவும் ஒரு கேள்வியாகக் கணக்கில் சேரும் என்று தாளின் முகப்பிலேயே அச்சடித்திருக்கும். அந்தப் பழக்கமில்லாதவர் மூன்றாம் கேள்வியை நாலு வரி எழுதி விட்டுவிட்டு ஆறையும் ஏழையும் எட்டையும் முழுதாக எழுதினால், எட்டு திருத்தப்படாமலே போகலாம்.

எந்த விதி இருந்தாலும் பாதகமில்லாத ஒரு வழி இருக்கிறது. இரண்டாவது விடை முழுதாக முடியும் வரை முதல் பாதி விடையை அடிக்காமல் வைத்திருப்பது, முடிந்ததும் மோசமான ஒன்றின் குறுக்கே தெளிவாக ஒரு கோடு இழுத்துவிடுவது. முதலிலேயே அடித்துவிட்டு இரண்டாவதும் வராமல் போனவர்களும் உண்டு, கடைசி வரை இரண்டையும் அப்படியே விட்டுவிட்டு வந்தவர்களும் உண்டு.

வரிசை மாற்றி எழுதுபவர்களுக்கு ஒரு கூடுதல் வேலை இருக்கிறது. கேள்வி எண் தப்பாமல் இருக்க வேண்டும். 47-ஐ முதல் பக்கத்தில் எழுதும்போது கை தானாகவே 41 என்று போட்டுவிடும். "அல்லது" கேள்வியில் வெறும் 43 என்று எழுதாமல் 43 (அ) அல்லது 43 (ஆ) என்று எழுத வேண்டும். கடைசி இரண்டு நிமிடத்தில் விடைகளைச் சரிபார்க்க நேரம் போதாது. எண்களை மட்டும் பார்க்கலாம்: ஒன் மார்க் இருபதும் இருக்கிறதா, டூ மார்க்கில் 30-ஐயும் சேர்த்து ஏழு, த்ரீ மார்க்கில் 40-ஐயும் சேர்த்து ஏழு, 41 முதல் 47 வரை ஒவ்வொன்றும் ஒருமுறை. நூல் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.